அல்லதீக்குப் பின்னால் வரும் 'ஹு'

வளைகுடாவில் சட்ட ஆவணங்களை மொழிபெயர்க்கும் அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். என் மேசைக்கு வந்ததில் பாதி வாடகைத் தகராறு மனுக்கள். மதரஸாவில் அரபி இலக்கணமான நஹ்வு படித்திருந்ததால் அரபி வாக்கியம் புரிந்துவிடும். அதை ஆங்கிலத்தில் உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. முக்கியமாக, ஒரு பெயரை அதை விவரிக்கும் வாக்கியத்தோடு இணைக்கும் 'அல்லதீ' வரும் இடங்கள்.

'அல்பைத்துல்லதீ ஸகன்து ஃபீஹி' என்பதைச் சொல் சொல்லாகப் பிரித்தால் 'வீடு, எது, குடியிருந்தேன், அதில்'. கடைசியில் உள்ள 'ஹி' அந்த வீட்டையே திரும்பிச் சுட்டுகிறது. நஹ்வில் இதன் பெயர் ஆயித், அதாவது திரும்பி வருவது. குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவில் 'அல்லதீன அன்அம்த அலைஹிம்' என்று ஓதும்போது வரும் 'ஹிம்' இதுதான். பெயர்ச்சொல் ஆணா பெண்ணா, ஒருமையா பன்மையா என்பதை அல்லதீ காட்டும். உள்ளே இருக்கும் வாக்கியத்தில் அந்தப் பெயருக்கு என்ன வேலை என்பதை ஆயித்தான் காட்டும். ஆங்கிலத்தில் அந்த வேலையை ஹூ, ஹூஸ், இன் விச் போன்றவையே பார்த்துவிடுவதால் ஆயித்துக்கு இடமில்லை.

எங்கள் அலுவலகத்து எகிப்தியர்களின் வரைவில் 'தி ஹவுஸ் தட் ஐ லிவ்ட் இன் இட்' என்று அந்த 'இட்' மிஞ்சி நிற்கும். நம்மவர் வரைவில் 'தி ஹவுஸ் ஐ லிவ்ட்' என்று 'இன்'னும் சேர்ந்து காணாமல் போயிருக்கும். 'நான் குடியிருந்த வீடு' என்று பேசிப் பழகியவர்களுக்கு 'இல்' உருபு அங்கே ஒளிந்திருப்பது தோன்றாது. இந்த விஷயத்தில் அரபிதான் நமக்குத் துணை: 'ஃபீஹி'யில் 'ஹி' போகலாம், 'ஃபீ' போகக் கூடாது.

மூத்த மொழிபெயர்ப்பாளரான சூடானியர் ஒருவர் சொல்லித்தந்த வழியையே இன்றும் பின்பற்றுகிறேன். அல்லதீ வந்த இடத்தில் வாக்கியத்தை வெட்டி, ஆயித் இருக்கும் இடத்தில் பெயரையே போட்டுத் தனி வாக்கியமாக எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு மனுவில் வரும் வகை வாக்கியம் இது: 'அல்முஸ்தஃஜிருல்லதீ இன்தஹத் முத்தத்து அக்திஹி வ லம் யுஸல்லிம் மஃபாதீஹஷ் ஷக்கதில்லத்தீ கான யஸ்குனு ஃபீஹா'. வெட்டினால் மூன்று வாக்கியங்கள் கிடைக்கும். வாடகைதாரரின் ஒப்பந்தக் காலம் முடிந்தது. வாடகைதாரர் சாவிகளை ஒப்படைக்கவில்லை. அவர் ஃபிளாட்டில் குடியிருந்துவந்தார்.

முதல் வாக்கியத்தில் வாடகைதாரர் உடைமைக்காரர், எனவே 'ஹூஸ்'. இரண்டாவதில் எழுவாய், எனவே 'ஹூ'. அரபியில் ஒரே அல்லதீ இரண்டுக்கும் போதும், ஏனென்றால் ஒவ்வொரு பாதியிலும் தனித்தனி ஆயித் உண்டு. இரண்டாவது 'யுஸல்லிம்' வினைக்குள் மறைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹூஸ் டெர்ம் ஹேஸ் எக்ஸ்பயர்ட் அண்ட் ஹேஸ் நாட் ஹேண்டட் ஓவர் தி கீஸ்' என்று ஓட்டிவிட்டால் சாவியைக் கொடுக்காதது ஒப்பந்தக் காலம் என்றாகிவிடும். 'அண்ட்'டுக்குப் பிறகு 'ஹூ' ஒன்றைக் கூடுதலாகப் போட்டே ஆக வேண்டும். மூன்றாவதில் 'ஹா' பெண்பால், ஃபிளாட்டைக் குறிக்கும் 'ஷக்கா'வும் பெண்பால், எனவே 'இன் விச் ஹி வாஸ் லிவிங்'.

ஆயித்தே கண்ணில் படவில்லையென்றால்? உள் வாக்கியத்தின் வினைக்கு வேறு எழுவாய் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் ஆயித் எழுவாயாக மறைந்திருக்கிறது. இருந்தால் பெரும்பாலும் செயப்படுபொருள் விடுபட்டிருக்கும்; 'அஹாதல்லதீ பஅதல்லாஹு ரஸூலா' என்ற குர்ஆன் வசனத்தில் அப்படித்தான், அனுப்பியவன் அல்லாஹ், அனுப்பப்பட்டவரைக் குறிக்கும் 'ஹு' இல்லை.

ஆயித் ஆழத்தில் புதைந்திருக்கும்போது வெட்டி ஒட்டுவது மட்டும் போதாது. 'அஷ்ஷரிகதுல்லத்தீ அஃலனல் வஸீரு அன்ன முதீரஹா இஸ்தகால', அதாவது இயக்குநர் விலகியதாக அமைச்சர் அறிவித்த நிறுவனம். இங்கே அமைச்சரை இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே நகர்த்த வேண்டும்: 'தி கம்பெனி ஹூஸ் டைரக்டர், தி மினிஸ்டர் அனௌன்ஸ்ட், ஹேட் ரிஸைன்ட்'. 'என்றால்' என்று பொருள் தரும் 'இதா' வந்தால் இன்னும் சிக்கல். 'வாடகைதாரர் அதை மீறினால் ஒப்பந்தம் ரத்தாகும்படியான ஷரத்து' என்ற பொருளில் அரபி சர்வசாதாரணமாக எழுதும். 'இஃப்'புக்குள் இருக்கும் 'இட்'டை ஆங்கிலத்தில் அப்படியே பிடுங்க முடியாது. மீறுதல் என்ற வினையைப் பெயராக்கி, 'எ கிளாஸ் ஹூஸ் பிரீச் பை தி டெனன்ட் டெர்மினேட்ஸ் தி கான்ட்ராக்ட்' என்று எழுதுவேன். அதுவும் நீண்டுபோனால் இரண்டு வாக்கியமாக உடைத்துவிடுவதே மேல்.

பொதுப்பெயர் 'அல்' இல்லாமல் வந்தால் அல்லதீயும் வராது, ஆயித் மட்டுமே இருக்கும். 'தஃவா லா அஸாஸ லஹா', அடிப்படை இல்லாத வழக்கு. எதிர்மனுக்களில் அடிக்கடி தென்படும் இந்தத் தொடருக்கு 'எ சூட் தட் ஹேஸ் நோ பேஸிஸ்' என்பதுகூட நீளம்தான். 'பேஸ்லெஸ் சூட்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.