பாதி பாதியாக ஓட்டினால் பாஸ், மொத்தமாக ஓட்டினால் ஃபெயில்: ஒரு டீபக்கிங் ரவுண்டு அனுபவம்

தஞ்சாவூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியின் வேலை இன்டர்வியூவில் டீபக்கிங் ரவுண்டை ஒருவழியாக முடித்துவிட்டேன். அதற்கு முந்தைய ரவுண்டெல்லாம் ஆன்லைனிலேயே நடந்தது, சொல்ல ஒன்றுமில்லை. இதற்கு மட்டும் நேரில் வரச் சொன்னார்கள், எரிச்சலும் அங்கேதான் ஆரம்பித்தது.

மன்னார்குடியில் விடிகாலை பஸ் ஏறி, வடுவூர் வழியாகப் போய் இறங்கினால், "லேப்டாப் கொண்டு வரவும்" என்று மெயிலில் போட்டிருந்தவர்களே "இல்ல தம்பி, எங்க சிஸ்டம்லதான் பண்ணணும்" என்றார்கள். சரி. ஒரு ஜிப் ஃபைலைக் கொடுத்து, இதில் ஒரு பக் இருக்கிறது, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கண்டுபிடி என்றார்கள். பிரித்து டெஸ்ட்டை ஓட்டினேன்.

```
FileNotFoundError: [Errno 2] No such file or directory: 'data/orders.csv'
```

நீங்கள் வைத்த பக் இதுதானா, இல்லை ஜிப்பில் ஃபைல் விட்டுப்போனதா என்று கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியவில்லை. கோடு எழுதியவர் அன்று லீவாம். போனில் யாரையோ பிடித்துப் பார்த்துவிட்டு, "கிளம்புங்க தம்பி, நாங்களே கூப்பிடுறோம்" என்று சொல்லிவிட்டார். பஸ் காசும் போச்சு, ஒரு நாளும் போச்சு. ஆனாலும் அந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டுவிடுவது நல்லது. கோட்டில் கை வைப்பதற்கு முன், அவர்கள் சொல்கிற ஃபெயில்தான் நம் திரையிலும் வருகிறதா என்று பார்த்து, "எதிர்பார்த்தது இது, வந்தது இது, சரிதானே?" என்று அவர்கள் வாயாலேயே ஆமாம் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சிஸ்டத்தின் கோளாறை பக் என்று நினைத்துத் துரத்திக்கொண்டிருப்போம்.

மறுபடி கூப்பிட்டபோது ஃபைல் இருந்தது. எதிரே ஒரு மேடம், முகத்தில் எந்த ரியாக்‌ஷனும் இல்லை. புரோகிராம் சின்னதுதான்: ஆர்டர்களைப் படிக்கும், கேன்சல் ஆனவற்றை நீக்கும், மிச்சத்தின் தொகையைக் கூட்டும். டெஸ்ட் 5400 வர வேண்டும் என்றது, வந்ததோ 5650.

நேராகக் கோட்டுக்குள் போகாமல் அந்த இரண்டு எண்ணையும் வைத்தே பேச ஆரம்பித்தேன். "250 கூடுதலா வருது. அப்படின்னா நீக்க வேண்டியது ஒண்ணு நீங்காம இருக்கணும், இல்ல ஏதோ ஒண்ணு ரெண்டு தடவை கூட்டப்பட்டிருக்கணும்." எது என்று பிரிக்க ஒரே வரி போதும்: கூட்டலுக்கு முன்னால் எத்தனை ஆர்டர் மிஞ்சுகிறது, ஐடி எதுவும் திரும்ப வருகிறதா என்று பிரிண்ட் செய்தேன். ஃபைலில் 16 ஆர்டர், அதில் 4 கேன்சல், 12 மிஞ்ச வேண்டும். 13 மிஞ்சியது, எல்லாம் வேறு வேறு ஐடி. ஆக, கேன்சல் ஆன ஒன்று தப்பித்துவிட்டது, கூட்டலில் குற்றமில்லை. இதையும் சத்தமாகச் சொன்னேன். எதைச் சந்தேகப்படுகிறோம் என்பதோடு, எதை இனிமேல் சந்தேகப்பட வேண்டியதில்லை என்பதையும் சொன்னால்தான் எதிரே இருப்பவருக்கு வட்டம் சுருங்குவது தெரியும்.

அடுத்து எந்த ஆர்டர் தொல்லை செய்கிறது என்று பார்க்க ஃபைலைப் பாதியாக வெட்டினேன். முதல் 8 ஆர்டரை மட்டும் கொடுத்தால் விடை சரி. அடுத்த 8-ஐக் கொடுத்தால் அதுவும் சரி! மொத்தமாகக் கொடுத்தால் தப்பு. எனக்கு வியர்த்துவிட்டது. மேடம் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை வரவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் அமைதியாகிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். பாதியாக வெட்டும் வழியே உதவவில்லை என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் இரண்டு பாதியும் பாஸ் ஆவதே ஒரு தகவல்தான். குறை ஏதோ ஒரு ஆர்டருக்குள் இருந்தால் ஏதாவது ஒரு பாதியில் மாட்டியிருக்கும். மாட்டவில்லை என்றால் அது ஆர்டர்களின் எண்ணிக்கையில் இருக்க வேண்டும், அல்லது நான் வெட்டிய இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற இரண்டு ஆர்டர்கள் சேர்ந்து செய்கிற வேலையாக இருக்க வேண்டும். இப்படிச் சொல்லிவிட்டு 5 முதல் 12 வரை கொடுத்தேன். அதுவும் 8 ஆர்டர்தான், ஆனால் ஃபெயில். எண்ணிக்கை இல்லை என்று ஆகிவிட்டது. ஓரங்களை உதறிக்கொண்டே வந்தால் 8-ம் 9-ம் மட்டும் மிஞ்சின. இரண்டுமே கேன்சல் ஆனவை, அதில் 9-வது 250 ரூபாய். தனித்தனியாகக் கொடுத்தால் ஒழுங்காக நீங்கின, அடுத்தடுத்து வந்தால் இரண்டாவது தப்பித்தது.

இதற்குப் பிறகுதான் நீக்குகிற ஃபங்ஷனைத் திறந்தேன். பார்த்ததும் சிரிப்பே வந்துவிட்டது.

```python
def drop_cancelled(rows):
    for r in rows:
        if r["status"] == "cancelled":
            rows.remove(r)
```

லிஸ்ட்டில் நடந்துகொண்டே அதே லிஸ்ட்டிலிருந்து உருவுகிறது. ரேஷன் கடை வரிசையில் எட்டாவது ஆளை வெளியே அனுப்பியதும் ஒன்பதாவது ஆள் எட்டாவது இடத்துக்கு நகர்ந்துவிடுவார், கார்டு பார்க்கிறவரோ ஒன்பதாவது இடத்துக்குப் போய்விடுவார். நகர்ந்த ஆளை யாரும் பார்க்கவில்லை. தப்பிக்கிறவர் நல்ல ஆர்டராக இருந்தால் விடை கெடாது, கேன்சல் ஆனவராக இருந்தால்தான் வெளியே தெரியும்.

கண்டுபிடித்துவிட்டோம், இனி என்ன என்று அடுத்த வரியில் புது லிஸ்ட் செய்து ரிட்டர்ன் செய்யக் கை பரபரத்தது. அதற்கு முன்னால் இந்த ஃபங்ஷனை யார் கூப்பிடுகிறார்கள் என்று தேடினேன், நல்லவேளை. அங்கே `drop_cancelled(rows)` என்று மட்டும் இருந்தது, திரும்பி வருவதை யாரும் வாங்கவே இல்லை. புது லிஸ்ட்டை ரிட்டர்ன் செய்திருந்தால் பழைய 16-ம் அப்படியே கூட்டப்பட்டிருக்கும், விடை இன்னும் மோசமாகியிருக்கும். அதனால் அதே லிஸ்ட்டுக்குள்ளேயே மாற்றினேன்:

```python
rows[:] = [r for r in rows if r["status"] != "cancelled"]
```

`rows = [...]` என்று எழுதினால் வேலைக்கு ஆகாது, உள்ளே இருக்கிற பெயர் மட்டும் வேறு லிஸ்ட்டைக் காட்டும். அந்த `[:]`தான் வெளியே இருப்பவரின் லிஸ்ட்டையே மாற்றுகிறது.

5400 வந்தது. அப்போதுதான் மேடம் வாயைத் திறந்தார். "`for r in rows[:]`னு ஒரு காப்பி மேல நடந்தா போதாதா?" போதும், விடையும் சரியாக வரும், ஆனால் ஒவ்வொரு `remove`-க்கும் லிஸ்ட்டை முதலிலிருந்து தேடும், ஆர்டர் லட்சக்கணக்கில் போனால் நின்று நின்று ஓடும் என்றேன். தலையை ஆட்டினார். கிளம்புவதற்கு முன் டெஸ்ட்டில் இரண்டு கேஸ் சேர்த்தேன்: அடுத்தடுத்து இரண்டு கேன்சல், எல்லாமே கேன்சல். பழைய கோட்டை வைத்து ஓட்டினால் இரண்டும் சிவப்பு, புதியதில் பச்சை. அவர் கேட்கவில்லை, நானே காட்டினேன். அந்த இடத்தில்தான் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது, என் பிரமையாகவும் இருக்கலாம்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. இந்தப் பக்கம் இதே மாதிரி ரவுண்டுக்குப் போகிறவர்கள் பஸ் ஏறுவதற்கு முன் போன் போட்டு, கோடு எழுதியவர் அன்று ஆபீசில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பஸ் காசை அவர்கள் தர மாட்டார்கள், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.