இரண்டாவது சர்வருக்காக எம்.டி.க்கு நான் எழுதிய கடிதம்

கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் உதிரி பாகங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில் ஐ.டி. பொறுப்பில் இருக்கிறேன். 14 கிளைகள், ஒரு இணையக் கடை. பில்லிங் டேட்டாபேஸ், கிளைகளின் சரக்குக் கணக்கைச் சேர்க்கும் வேலைகள், அதை இணையக் கடைக்கு அனுப்பும் வேலை எல்லாம் ஒரே சர்வரில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு மாதக் கடைசி. திங்கட்கிழமை காலை 9 மணிக்கு ஒரு கிளையிலிருந்து போன்: "சார், பில்லிங் திறக்கவே மாட்டேங்குது." அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் ஐந்து கிளைகள். எந்தக் கணினியிலிருந்து முயன்றாலும் `Too many connections` என்றுதான் வந்தது. எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் இயல்பாக 151 இணைப்புகளை மட்டும் ஏற்கும். நல்லவேளையாக, நிர்வாகக் கணக்குக்கென்று தனியாக ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கும். அதன் வழியே உள்ளே போய், எந்த இணைப்பு என்ன செய்கிறது என்று காட்டும் `SHOW PROCESSLIST` போட்டேன். திரை முழுக்க ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது: `Waiting for table metadata lock`.

கீழே வரை நகர்த்திப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. சனிக்கிழமை மாலை கணக்குப் பிரிவில் ஒருவர் மாதக் கடைசி ரிப்போர்ட்டை எடுத்துவிட்டு, திரையை மூடாமலே வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த ரிப்போர்ட் சரக்கு டேபிளைப் பிடித்தபடியே நின்றது. கிளை வேலை ஒவ்வொரு முறையும் அந்த டேபிளைக் காலி செய்துவிட்டு நிரப்பும். காலி செய்ய முடியாமல் அது காத்திருந்தது. இப்படிக் காத்திருப்பதற்கு மைஎஸ்கியூஎல் வைத்திருக்கும் இயல்பான வரம்பு ஒரு வருடம். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரானுக்கோ முந்தைய வேலை முடிந்ததா என்ற கவலை கிடையாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 14 கிளைகளுக்கும் புதிதாக ஒன்றைத் தொடங்கிக்கொண்டே இருந்தது. 11 சுற்றில் 154. இரண்டு மணி நேரத்துக்குள் வாசல் அடைபட்டுவிட்டது.

அந்த ரிப்போர்ட்டின் இணைப்பைத் துண்டித்ததும் பில்லிங் திறந்தது. அதைவிடப் பெரிய பிரச்சினை அப்புறம்தான் கண்ணில் பட்டது. இணையக் கடைக்கு அனுப்பும் வேலையின் பதிவில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க "முடிந்தது, முடிந்தது" என்றே இருந்தது. அனுப்பிய கோப்பைப் பார்த்தேன். அளவு 20 பைட். வெறுமையை ஜிசிப்பால் சுருக்கினால் கிடைக்கும் அளவு அது. ஸ்கிரிப்டில் இந்த வரி இருந்தது:

```
mysqldump shop stock | gzip > stock.sql.gz
```

இணைப்பு கிடைக்காமல், டேபிளைப் பிரதி எடுக்கும் `mysqldump` தோற்றிருக்கிறது. ஆனால் ஷெல் கடைசியில் நிற்கும் `gzip`-இன் பதிலைத்தான் எடுத்துக்கொள்ளும், அது வெற்றி. மறுபக்கமும் வெற்றுக் கோப்பை ஏற்றிவிட்டு வெற்றி என்றது. பிழைச் செய்தியை கிரான் சர்வரின் உள் அஞ்சல் பெட்டிக்கு அனுப்பியிருந்தது. அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பவர் யாரும் இல்லை.

அன்று மாலையே கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வடிவம் நான்கு பக்கம்: மெமரி, லோடு, கட்டமைப்புப் படம். எங்கள் எம்.டி. படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வியோடு திருப்பி அனுப்பினார். "இதுல காசில்லாம சரி பண்ணக்கூடியது எது?"

சரியான கேள்வி. பணம் கேட்பதற்கு முன்னால் நானே எனக்குக் கேட்டிருக்க வேண்டியது. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு அந்த வேலைகளை முடித்தேன். ஸ்கிரிப்டின் தலையில் `set -o pipefail`, வரியில் எது தோற்றாலும் தோல்வி என்றே பதில் வரும். கிளை வேலைகளுக்கு முன்னால் `flock -n`, பழையது ஓடிக்கொண்டிருந்தால் புதியது தொடங்காது. காத்திருக்கும் வரம்பு ஒரு வருடத்திலிருந்து 60 வினாடி. அதன் பிறகே இரண்டாவது கடிதம். அவர் தமிழில் படிப்பதையே விரும்புவார் என்பதால் தமிழிலேயே எழுதினேன். ஒரே பக்கம், இப்படித் தொடங்கியது:

"ஐயா, சனிக்கிழமை இரவு முதல் திங்கள் காலை வரை நம் இணையக் கடை பழைய சரக்குக் கணக்கையே காட்டியது. அதில் வந்த 37 ஆர்டர்களில் 11க்கு நம்மிடம் சரக்கு இல்லை. திங்கள் காலை கிளைகளில் 40 நிமிடம் பில் போட முடியவில்லை. செலவில்லாமல் செய்யக்கூடிய மூன்று திருத்தங்களைச் செய்துவிட்டேன். மீதம் இரண்டு இருக்கின்றன. அவற்றுக்குப் பணம் வேண்டும்."

முதலாவது, கண்காணிப்பு. மாதம் 900 ரூபாய்க்கு, வேறொரு நிறுவனத்தின் இடத்தில் ஒரு சின்ன சர்வர். நம் சர்வரிலேயே வைத்தால் அது விழும்போது மணியும் சேர்ந்து விழும் என்பதை விளக்கினேன். அதில் ஓடும் ஹெல்த்செக்ஸ் மென்பொருள் இலவசம். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அதற்கு ஒரு சமிக்ஞை அனுப்பும், குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் அது நம்மை அழைக்கும். வேலை ஓடியது என்பது மட்டும் போதாது, அதுதான் எங்களை ஏமாற்றியது. அதனால் சமிக்ஞையை அனுப்பும் பொறுப்பை இணையக் கடை பக்கம் வைத்தேன்: ஏற்றிய கணக்கு 25 நிமிடத்துக்குள் எழுதப்பட்டதா என்று பார்த்த பிறகே அனுப்பும்.

இரண்டாவது, மாதம் 7,000 ரூபாயில் இன்னொரு சர்வர். பில்லிங் டேட்டாபேஸின் நகல் அதில் இருக்கும். ரிப்போர்ட்டும் கிளை வேலைகளும் அங்கே போய்விடும். யாராவது திரையை மூடாமல் போனாலும் பில் போடுவது நிற்காது. இதன் குறையையும் எழுதினேன்: நகல் சில வினாடிகள் பின்தங்கும், மாதக் கடைசியில் இன்னும் கொஞ்சம் கூடலாம். இந்த சர்வர் மட்டும் இருந்திருந்தால் 20 பைட் கோப்பு தடுக்கப்பட்டிருக்காது என்பதையும் மறைக்கவில்லை. ஒன்றைத்தான் தர முடியும் என்றால் கண்காணிப்பைத் தாருங்கள் என்று முடித்தேன்.

மறுநாள் அறைக்கு அழைத்தார். கடிதத்தில் இரண்டாவது பத்தியின் ஓரம் பென்சிலால் கோடு போட்டிருந்தார். "தம்பி, ரெண்டு மெஷினும் ஒரே கணக்கை அனுப்பினா ஸ்டாக் ரெண்டு தடவை கழியாதா?"

முப்பது வருடம் கணக்குப் பார்த்தவரின் கேள்வி. நாங்கள் அனுப்புவது கழிக்க வேண்டிய எண்ணிக்கை அல்ல, கையிருப்பு. பத்து என்று இரண்டு முறை சொன்னாலும் பத்துதான் என்றேன். பழைய சர்வர் பழைய கணக்கை அனுப்பி புதியதை அழித்துவிடும் வாய்ப்பு மட்டும் உண்டு. அதற்குப் பூட்டை இணையக் கடையின் டேட்டாபேஸில் வைக்கலாம் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினேன். மைஎஸ்கியூஎல்லின் `GET_LOCK` ஒரு சர்வருக்குள் மட்டும்தான் செல்லும், அதனால் இரண்டுக்கும் பொதுவான இடம் அதுதான். பூட்டு கிடைத்தாலும், வரும் கணக்கின் நேரம் அங்கே இருப்பதைவிடப் பழையதாக இருந்தால் ஏற்றாது. அவர் தாளை மடித்துக் கடிதத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

கண்காணிப்புக்கு உடனே ஒப்புதல் தந்தார். சர்வருக்கு மூன்று மாதம் மட்டும், பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

முதல் வாரம் இரவு 3 மணிக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரவில் விற்பனை இல்லை, கணக்கு மாறவில்லை, கண்காணிப்புக்கு அது பழையதாகத் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் நடப்பு நேரத்தை எழுதும் ஒரு தனி வரியைச் சேர்த்து, அதையே பார்க்கச் சொன்னதும் அமைதியானது. அடுத்த மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு 7.20க்கு அழைப்பு வந்தது. கிளை வேலைகள் மறுபடி ஒரு ரிப்போர்ட்டின் பின்னால் நின்றன, இந்த முறை புது சர்வரில். வீட்டிலிருந்தே அந்த இணைப்பைத் துண்டித்தேன். 7.30க்குப் புதுக் கணக்கு இணையக் கடைக்குப் போய்விட்டது, பில்லிங் பக்கம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை அந்த நேரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி எம்.டி. மேசையில் வைத்தேன்.