இரண்டு கடிகாரம், ஒரு பேட்டி: தனித்தனி ஒலிப்பதிவை இணைத்துப் பார்த்தது

இணைய அழைப்பில் எடுக்கும் பேட்டியை அப்படியே பதிவுசெய்தால், விருந்தினர் குரல் நெட்வொர்க் படுத்தும் பாட்டையெல்லாம் சேர்த்தே வந்து சேரும். அதனால் அழைப்பு பேசுவதற்கு மட்டும். பதிவை அவரவர் இடத்தில் அவரவர் செய்துகொண்டு, கடைசியில் இரண்டையும் இணைப்பது. இங்கே உள்ளது 1 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு பேட்டியின் கணக்கு.

பேட்டி எடுப்பவர் பக்கம் லேப்டாப், யூஎஸ்பி மைக், ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருள். ஓபிஎஸ்ஸில் மைக்கை 1ஆம் ட்ராக்கிலும், அழைப்பில் வரும் விருந்தினர் குரலை 2ஆம் ட்ராக்கிலும் பிரித்துவிட வேண்டும். அந்த 2ஆம் ட்ராக் கேட்பவர் காதுக்குப் போகப்போவதில்லை. அது அளவுகோல் மட்டுமே. இனி அதை வழிகாட்டி ட்ராக் என்று சொல்லலாம். இரண்டும் ஒரே கோப்பில் பதிவாவதால் அவற்றுக்குள் நேர வித்தியாசம் பற்றிய கவலை இல்லை.

விருந்தினர் பக்கம் இரண்டு போன். ஒன்றில் வயர் இயர்போன் மாட்டி அழைப்பு. இன்னொன்று ஏரோபிளேன் மோடில், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, ரெக்கார்டர் ஆப்போடு. ஒரே போனில் இரண்டையும் முடித்துவிடலாமே என்று தோன்றும். ஆண்ட்ராய்டில் அழைப்பு ஆப் மைக்கைப் பிடித்திருக்கும்போது ரெக்கார்டர் ஓடுவதுபோலத் தெரியும், நேரமும் நகரும், ஆனால் கோப்பில் வெறும் மௌனம்தான் இருக்கும். பேட்டி முடிந்த பிறகு தெரிந்து பயனில்லை. இயர்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் பேசினால் கேள்வி கேட்பவர் குரலும் விருந்தினர் பதிவில் ஏறிவிடும். இணைத்ததும் கிணற்றுக்குள் பேசுவதுபோல எதிரொலிக்கும். அதை அகற்றச் சுலபமான வழி கிடையாது.

அடுத்து கைதட்டல். சினிமாப் படப்பிடிப்பில் கிளாப் அடிப்பதுபோல ஒரு தட்டு தட்டிவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். பேட்டி எடுப்பவர் தட்டினால் அது விருந்தினர் காதில் கேட்கும், அவர் மைக்கில் விழாது. எனவே தட்ட வேண்டியவர் விருந்தினர். அப்போதுதான் அவர் பதிவிலும் வழிகாட்டி ட்ராக்கிலும் அது இருக்கும். ஆனால் பல அழைப்பு ஆப்களில் இரைச்சலை வடிகட்டும் வசதி உண்டு. கைதட்டலை அது இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடும். பேச்சை விழுங்காது. ஆகவே தட்டுவதற்குப் பதில் ‘டக், டக், டக்’ என்று அழுத்திச் சொல்லச் சொல்வது நல்லது. ‘ட’ தொடங்கும் இடம் அலைவடிவத்தில் செங்குத்தாக எழும், பெரிதாக்கிப் பார்த்தால் நேரத்தைச் சில மில்லிவினாடிக்குள் குறிக்கலாம்.

விருந்தினர் கோப்பை வாட்ஸாப்பில் ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லி வாங்கி, எல்லாவற்றையும் 48000 ஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக மாற்றிக்கொள்வது முதல் வேலை:

```
ffmpeg -i petti.mkv -map 0:a:0 -ac 1 -ar 48000 host.wav -map 0:a:1 -ac 1 -ar 48000 guide.wav
ffmpeg -i guest.m4a -ac 1 -ar 48000 guest.wav
```

மூன்றையும் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் திறந்து, விருந்தினரின் முதல் ‘டக்’கை வழிகாட்டியின் ‘டக்’கோடு பொருத்தினால் ஆரம்பம் கச்சிதமாக இருக்கும். கடைசிக்குப் போய்க் கேட்டால், கேள்விக்கு நடுவே சொன்ன ‘ம்ம்’ ஒரு சொல் தள்ளி விழுகிறது. இரண்டு கருவிகளிலும் 48000 என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் வினாடிக்கு எத்தனை மாதிரி என்பதை எண்ணுவது உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம். எந்த இரண்டு படிகமும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றாலே 1 மணி நேரத்தில் 180 மில்லிவினாடி ஆகிவிடும்.

தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் அளந்து திருத்துவது ஆபத்து. வழிகாட்டி ட்ராக் நெட்வொர்க் வழியே வந்தது. வந்து சேரும் ஒலியை ஆப் சிறிது தேக்கிவைத்துத்தான் வெளிவிடுகிறது. லைன் மோசமானால் தேக்கத்தைக் கூட்டும், சரியானால் குறைக்கும். ஆக, கடைசியில் தெரியும் வித்தியாசம் கடிகாரத்தினாலா, தேக்கத்தினாலா என்று இரண்டு புள்ளியை வைத்துச் சொல்ல முடியாது. ஐந்து இடத்தில் அளந்தால் சொல்லலாம். நடுவே ‘டக்’ தேவையில்லை, ‘க’, ‘த’, ‘ப’ என்று வல்லினத்தில் தொடங்கும் ஏதாவது ஒரு சொல் போதும்.

விருந்தினர் போனில் பதிவு முன்பே தொடங்கிவிட்டதால் அந்தக் கோப்பின் நேரம் 41 வினாடிச் சொச்சம் முந்தி இருந்தது. இடப்பக்கம் வழிகாட்டியின் நிமிடம், வலப்பக்கம் விருந்தினர் நேரத்திலிருந்து வழிகாட்டி நேரத்தைக் கழித்து வந்த வினாடி:

```
 2:00   41.310
16:00   41.365
30:00   41.415
44:00   41.465
58:00   41.520
```

14 நிமிடத்துக்கு 50 அல்லது 55 மில்லிவினாடி, ஏறக்குறைய நேர்கோடு. இது கடிகாரம்தான். 56 நிமிடம் என்பது 3360 வினாடி. அதில் விருந்தினர் கோப்பு 0.210 வினாடி நீண்டிருக்கிறது. 3360.210ஐ 3360ஆல் வகுத்தால் 1.0000625. அந்த அளவு வேகமாக ஓட்ட வேண்டும்:

```
sox guest.wav guest_fix.wav speed 1.0000625
```

வேகத்தோடு சுருதியும் ஏறும், ஆனால் அரைச் சுருதியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். எந்தக் காதுக்கும் எட்டாது. சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மாற்றும் எஃபெக்டுகளை இங்கே பயன்படுத்தவே கூடாது. அவை ஒலியை வெட்டி ஒட்டித்தான் நீளத்தைச் சரிக்கட்டுகின்றன, அதனால் குரலில் ஒரு நடுக்கம் வரும். திருத்திய கோப்பை 41.300 வினாடி இடப்பக்கம் தள்ளினால் 2ஆம் நிமிடமும் 58ஆம் நிமிடமும் ஒருசேரப் பொருந்துகின்றன. நடுவில் 3 மில்லிவினாடிக்குள் முன்பின் இருக்கும்; விட்டுவிடலாம்.

நேர்கோடாக வராமல் ஓரிடத்தில் வித்தியாசம் படிபோல இறங்கினால், அந்தப் படியையும் சேர்த்துக் கணக்கிட்டு வேகத்தைத் திருத்துவது கெடுதல். 30இல் 41.415, 44இல் 41.465க்குப் பதில் 0.2 வினாடி குறைந்து 41.265 என்று இருந்தால், இடையில் எந்த நிமிடத்தில் விழுந்தது என்று தேடி, அந்த இடத்தில் விருந்தினரின் மூலப் பதிவைக் கேட்க வேண்டும். சொல் நடுவே அறுந்திருந்தால் ரெக்கார்டர் சில மாதிரிகளைத் தவறவிட்டிருக்கிறது. அங்கே கிளிப்பைப் பிளந்து, பின்பாதியை அந்த 0.2 வினாடி வலப்பக்கம் நகர்த்தலாம். பேச்சு வழுவழுப்பாகப் போனால் பதிவில் குறையில்லை, அழைப்பின் தேக்கம்தான் கூடியிருக்கிறது. அப்போது கைவைக்காமல் விடுவதே மேல்: விடை கொஞ்சம் சீக்கிரம் வருவதுபோல இருக்கும், அவ்வளவுதான்.

பொருந்தியதும் வழிகாட்டி ட்ராக்கை ம்யூட் செய்யலாம், அழிக்க வேண்டாம். வெட்டுவதற்கு முன் ஆடாசிட்டியில், எல்லா ட்ராக்கையும் சேர்த்தே நகர்த்தும் சிங்க்-லாக்கைப் போட்டுவிட வேண்டும். மறந்துபோய் ஒரு ட்ராக்கில் மட்டும் ஒரு இருமலை வெட்டி எடுத்தால், அதற்குப் பின் உள்ள எல்லாமே நழுவிவிடும். ஒருவர் பேசும்போது மற்றவர் ட்ராக்கை முழு மௌனமாக்காமல் 12 டெசிபல் குறைத்தால் போதும். அறையின் மெல்லிய ஓசை சட்டென்று நின்று மீண்டும் வருவது, கொஞ்சம் இரைச்சல் இருப்பதைவிட அதிகமாகக் காதை உறுத்துகிறது.