சுவர் நிறத்தில் ஒரு சட்டை

"வேற வெள்ளைச் சட்டை இருக்காடா?" என்று போட்டோகிராபர் அண்ணன் கேட்டார். "இதான் சார் வெள்ளை" என்றான் பையன். அதற்குப் பிறகு நான் சொன்னது கணக்குப்படி முழுக்கச் சரி. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அந்த இரண்டு வரிகளை அவ்வப்போது மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பள்ளி அடையாள அட்டைக்குப் படம் எடுத்து, பின்னணியை நிரலால் வெட்டி நீக்குகிற வேலைதான். கேமரா ட்ரைபாடில், எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்சும் மேனுவலில் பூட்டியாச்சு. ஆட்டோவில் விட்டால் பிள்ளை வந்து நின்றதுமே கேமரா வெளிச்சத்தை மாற்றும், சுவரின் நிறமும் மாறும், பிறகு படம் முழுக்க "ஆள்" ஆகிவிடும். யாரும் நிற்காத சுவரை இருபது ஃப்ரேம் எடுத்து, சராசரி போட்டு, `uint8` ஆக்கி, `empty` என்று வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து நிற்க, அந்தக் காலிப் படத்திலிருந்து எது மாறியிருக்கிறதோ அதுதான் ஆள். பின்னால் பச்சைத் துணி கட்டி அந்த நிறத்தை மட்டும் நீக்குகிற வழக்கமான முறைக்கு வழியில்லை, பள்ளியின் பேண்ட், பாவாடை, டை எல்லாமே பச்சை. நீலத் துணி கட்டலாம் என்றார் அண்ணன். சின்ன அறை, சுவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் மூன்றடிகூட இல்லை, துணியின் நீலம் சட்டை ஓரத்தில் ஏறிவிடும் என்று நான் மறுத்தேன்.

கஷ்டம் சட்டையில்தான் என்று முதலிலேயே தெரியும். சுவர் கிரீம் நிறம்: சிவப்பு 222, பச்சை 214, நீலம் 196. அதே வெளிச்சத்தில் நல்ல வெள்ளைச் சட்டை 212, 216, 218. கறுப்பு-வெள்ளையாக்கிக் கழித்தால் சுவர் 214, சட்டை 215. வித்தியாசம் ஒன்று, அது கேமராவின் இரைச்சலிலேயே கரைந்துவிடும். கறுப்பு-வெள்ளையில் கழித்துவிட்டு "இந்த முறை வேலைக்கு ஆகாது" என்று கைவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறங்களைத் தனித்தனியே கழித்தால் நீலத்தில் மட்டும் 22 வித்தியாசம் வருகிறது. மூன்றில் பெரியதை எடுத்து 15-ஐ வரம்பாக வைத்தால் போதும்.

```python
d = cv2.absdiff(frame, empty).max(axis=2)
mask = d > 15
```

அடுத்தது நிழல். பிள்ளையின் நிழல் சுவரில் விழுந்தால் அந்த இடம் 189, 182, 167 என்று இறங்குகிறது. வித்தியாசம் 30-ஐத் தாண்டுகிறது, அதாவது சட்டையைவிட நிழல்தான் பெரிய "ஆள்". வரம்பை ஏற்றி நிழலை விரட்டினால் சட்டையும் சேர்ந்து போய்விடும். ஆகவே கழித்தலோடு நிறுத்தாமல் வகுத்தும் பார்க்கிறோம். நிழலில் மூன்று நிறமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைகின்றன, இங்கே மூன்றும் 0.85. சட்டையில் அப்படியில்லை: சிவப்பு 0.95, நீலம் 1.11.

```python
r = (frame + 1.0) / (empty + 1.0)
spread = r.max(axis=2) - r.min(axis=2)
s = r.mean(axis=2)
shadow = (s > 0.6) & (s < 1) & (spread < 0.06)
mask = mask & ~shadow
```

0.6 என்ற கீழ் எல்லை தலைமுடிக்காக. கறுப்பு முடியும் சுவரை எல்லா நிறத்திலும் ஒரே மாதிரி இருட்டாக்கியது போலத்தான் தெரியும், ஆனால் அங்கே விகிதம் 0.15-க்குக் கீழே போய்விடும். எந்த நிழலும் அவ்வளவு கறுப்பாக விழாது.

காலை முழுக்க இது அழகாக ஓடியது. என் கணக்கைக் காப்பாற்றியது என்ன என்று இப்போது யோசித்தால், சொட்டு நீலம். வீட்டில் நீலம் போட்டு அலசிய சட்டையில் நீலம் தூக்கலாக இருக்கிறது. அந்த 22-ஐத் தந்தது என் நிரல் மட்டும் இல்லை, யாரோ ஒரு அம்மாவும் ஒரு பக்கெட் தண்ணீரும்.

இந்தப் பையனின் சட்டை பழசு. அண்ணன்காரன் போட்டு இவனுக்கு இறங்கியதாக இருக்கலாம், எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. மஞ்சள் ஏறி 217, 209, 190 என்று இருந்தது. சுவரோடு வித்தியாசம் 5, 5, 6. வரம்பை நாலுக்கு இறக்கினால்கூடப் பிடித்திருக்காது, ஏனென்றால் மூன்று விகிதமும் 0.97 அருகே ஒன்றாக நிற்கின்றன, அடுத்த வரியே அதைத் தள்ளிவிடும். என் நிரலின் கண்ணுக்கு அவன் சட்டை சுவரில் விழுந்த லேசான நிழல். தலைமுடி சரியாக இருக்கிறதா என்று பிள்ளைகள் பார்த்துக்கொள்ளத் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தோம். அதில் ஒரு தலை, கழுத்து, பச்சை டை, காலர் மடிப்பின் இரண்டு கோடு. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "உள்ளே இருக்கிற ஓட்டையை நிரப்பிடு தம்பி. பையன் நெஞ்சுல ஓட்டை இருக்காதுன்னு நமக்குத் தெரியாதா?"

"ஓட்டையா இருந்தா நிரப்பலாம்ணே. தோள் கோடே இல்ல. எதுவரைக்கும் நிரப்புறது?"

அவர் அதற்கு மேல் பேசவில்லை. அவனிடம் திரும்பித்தான் அந்த வேறு சட்டைக் கேள்வியைக் கேட்டார். பதில் வந்ததும் நான், "அவனை பீரோ பக்கம் நிறுத்துங்கண்ணே" என்றேன். ஃப்ரேமின் வலது ஓரத்தில் சாம்பல் நிற ஸ்டீல் பீரோ ஒன்று இருந்தது. காலிப் படத்திலும் அது இருக்கிறது, அதனால் புதிதாக எதுவும் எடுக்கத் தேவையில்லை. வித்தியாசம் நூறைத் தாண்டியது, தோள் முதல் டை வரை கத்தியால் அறுத்த மாதிரி வந்தது.

ஒரே நிறமுள்ள இரண்டு பரப்பைக் கழித்தல் பிரிக்காது. எந்த வரம்பும் பிரிக்காது. இருக்கிற வழியில் சீக்கிரமான வழியைத்தான் நான் சொன்னேன். "தனியா நிக்க வைச்சிட்டியே" என்று சாயங்காலம் டீ குடிக்கும்போது அண்ணன் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சட்டை கேட்டது அவர். அவர் சொன்ன மாற்றுவழி, அந்த ஒரு படத்தை மட்டும் அப்புறமாக உட்கார்ந்து கையால் வெட்டுவது. ஐந்து நிமிட வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சட்டை அவனிடம் மட்டுமா இருக்கும்? அன்று மதியமே இன்னும் சிலரைப் பீரோ பக்கம் அனுப்ப வேண்டியிருந்தது. அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் திரையை அண்ணன் தன் பக்கம் திருப்பிவிட்டிருந்தார், என்னிடம் கேட்காமல்.

இன்னொன்றும் உறுத்துகிறது. வெற்றுச் சுவர் வேண்டும் என்பது பச்சைத் துணிக்காரர்களின் பழக்கம். கழித்தலுக்கு வெற்றுப் பின்னணி தேவையே இல்லை, உடையின் நிறத்திலிருந்து தள்ளி இருந்தால் போதும். எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி இருந்தது, பல நிற முதுகுகளோடு. அங்கே எந்தச் சட்டையும் முழுதாகக் கரைந்திருக்காது. ஆனால் ட்ரைபாட் ஒரு பிக்சல் நகர்ந்தால் ஒவ்வொரு புத்தக ஓரமும் மாஸ்க்கில் மெல்லிய கோடாகக் கிளம்பும். பிள்ளைகள் கேபிளை மிதித்துக்கொண்டே ஓடுகிற அறையில் ட்ரைபாட் எத்தனை முறை நகரும்? சுவர் அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். அதனால் சுவரைத் தேர்ந்தது சரி. சரி என்றுதான் நினைக்கிறேன்.

ஜன்னல் இடப்பக்கம். பீரோ அதிலிருந்து தள்ளி இருந்ததால், அங்கே நின்றவர்களுக்குப் படத்தில் வலப்பக்கக் கன்னம் மற்றவர்களைவிட இருட்டு. அட்டையில் ஸ்டாம்ப் அளவுக்கு அச்சானபோது பள்ளியில் யாரும் அதைச் சொல்லவில்லை. அடுத்த பள்ளிக்கு அலமாரியா சுவரா என்று அண்ணனும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒன்றில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து: வேலை தொடங்கும் முன் பழைய, மஞ்சளேறிய வெள்ளைச் சட்டை ஒன்றைப் பின்னணியில் தொங்கவிட்டு, மூன்று எண்ணையும் பார்த்துவிட வேண்டும். அந்தச் சட்டையை அண்ணன் கேமரா பையிலேயே மடித்து வைத்திருக்கிறார். அவருடையதுதான்.