அண்ணியோட வினாகிரி போத்தலும் வாபஸ் வாங்குன ஆய்வும்

2025 ஒக்டோபர் 5, ஞாயிறு

ஹட்டன்ல காலைலருந்து மழை, எல்லாரும் வீட்டுல தான். அண்ணி கொழும்புலருந்து ஆப்பிள் வினாகிரி ஒரு போத்தல் எடுப்பிச்சிருக்காங்க, விலைய கேட்டா தீபாவளி அட்வான்ஸ்ல பாதி போயிரும் போல. ஒரு ஜிம் தம்பியோட ரீல் பாத்துட்டு வாங்குனதாம். வெறும் வயித்துல ஒரு மேசைக்கரண்டி, ரெண்டு வாரத்துல நாலு கிலோ கொறையுமாம், கீழ டிஸ்கவுண்ட் கோட் வேற.

ரீல்ல காட்டுற 'குடிக்க முன்னாடி, குடிச்ச பின்னாடி' படம் ரெண்டையும் பெருசாக்கி பாத்தேன். முதல் படத்துல ட்யூப்லைட் நேரா மூஞ்சில அடிக்குது, வயித்த தளத்தி விட்டு நிக்கிறாரு, கால்சட்டை தொப்புளுக்கு கீழ. ரெண்டாவதுல வெளிச்சம் பக்கத்துலருந்து வருது, அதனால தசைக்கு நெழல் விழுது, கால்சட்டையும் மேல ஏறிருச்சு, மூச்ச உள்ள இழுத்து வச்சிருக்கிறது கழுத்துலயே தெரியுது. இது ரெண்டையும் ஒரே நாள்ல கூட எடுக்கலாம். "கமெண்ட்ல இத்தன பேரு கொறஞ்சிச்சுன்னு சொல்றாங்களே தம்பி"ன்னாங்க அண்ணி. கொறையாதவங்க யாரு அண்ணி வந்து எழுதப் போறாங்க?

ஒக்டோபர் 7, செவ்வாய்

அந்த நாலு கிலோ முழுப் பொய்யின்னும் சொல்ல முடியாது. ரீல் கடைசில சின்னதா "சோறு, பாண், சீனி கட்"ன்னு போட்டிருக்கு. மாச்சத்த சட்டுனு நிறுத்துனா ஈரல்லயும் தசையிலயும் சேமிச்சு வச்சிருக்கிற கிளைக்கோஜன் கரையும், ஒவ்வொரு கிராமோடயும் சுமார் 3 கிராம் தண்ணி சேந்து போகும். மொத ஒரு வாரத்துலயே தராசு ஒன்னு ரெண்டு கிலோ எறங்கிரும், திரும்ப ரொட்டி சாப்பிட்டா அப்பிடியே ஏறிரும். இதுல கொழுப்பு கொஞ்சந்தான், பேரு மட்டும் வினாகிரிக்கு.

ஒக்டோபர் 9, வியாழன்

அண்ணி விடல. "ஆராய்ச்சியே இருக்குன்னு சொல்றான்"ன்னு ஸ்கிரீன்ஷொட் அனுப்புனாங்க. தேடிப் பாத்தா லெபனான்ல செஞ்சது, 2024ல BMJ குழுமத்தோட ஒரு சத்துணவு இதழ்ல வந்தது. 12லருந்து 25 வயசு வரைக்கும், எடை கூடுன 120 பேரு. நாலு பிரிவா பிரிச்சு, ஒரு பிரிவுக்கு போலித் திரவம், மத்த மூணுக்கும் தினம் 5, 10, 15 மில்லி. 12 வாரத்துல வினாகிரி குடிச்சவங்க 6லருந்து 8 கிலோ வரைக்கும் கொறஞ்சாங்களாம். ஒரு பிரிவுக்கு 30 பேரு தான், அது சின்னது, ஆனா எனக்கு அத விட உறுத்துனது அந்த கிலோ தான்.

கணக்கு போட்டேன். ஒரு கிலோ உடம்புக் கொழுப்புக்கு சுமார் 7,700 கலோரி. 7 கிலோன்னா 53,900. அத 84 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 640 கலோரி மாதிரி வருது. அதாவது 180 கிராம் கோதுமை மா, நம்ம வீட்டு தேங்கா ரொட்டி ரெண்டு மூணு, தெனமும் சாப்பிடாம இருக்கணும். ஒரு கரண்டி புளிப்புத் தண்ணி எந்த வழியில அவ்வளவு சக்திய காணாம ஆக்கும்? பசி கொறஞ்சு கம்மியா சாப்பிட்டாங்கன்னா, அது அவங்க சாப்பாட்டுக் கணக்குல அந்த அளவுக்கு தெரியணும்ல.

ஒக்டோபர் 10, வெள்ளி

ஸ்கூல் விட்டு வந்து அந்த ஆய்வோட சொந்தப் பக்கத்த தொறந்தேன், தலைப்புலயே RETRACTED. போன மாசம் தான் வாபஸ் வாங்கியிருக்காங்க. வெளிய இருந்து புள்ளியியல் ஆளுங்க மூலத் தரவ எடுத்து திரும்ப கணக்கு போட்டா அந்த முடிவு வரலையாம், தரவுலயும் ஒழுங்கீனம், ஆய்வ தொடங்குறதுக்கு முன்னாடி பதிவும் செய்யல. நேர்மையா நடந்த தவறுன்னு ஆய்வாளர்கள் சொல்லி வாபஸுக்கு ஒத்துக்கிட்டாங்க. ரீல் இன்னும் ஓடிட்டு தான் இருக்கு, ரீலுக்கு யாரு வந்து சீல் குத்துவா.

ஒக்டோபர் 12, ஞாயிறு

அப்ப வினாகிரில ஒன்னுமே இல்லையான்னு அண்ணி கேட்டாங்க, நியாயமான கேள்வி. 2009ல ஜப்பான்ல பருமனானவங்களுக்கு 12 வாரம் தினம் 15 இல்ல 30 மில்லி குடுத்து பாத்தாங்க, ஒன்னு ரெண்டு கிலோ தான் கொறஞ்சது. அதயும் நடத்துனது வினாகிரி செய்ற மிஸ்கான் கம்பெனியோட ஆராய்ச்சி நிலையம். விக்கிறவங்களே செஞ்சும் அவ்வளவு தான் வந்திருக்கு, அதனால லெபனான் எண்ண நான் இன்னும் கொறவா நம்புறேன்.

போத்தல தூக்கிப் போட வேணாம், சலாதுக்கு ஊத்திக்கலாம். தண்ணி கலக்காம குடிச்சா பல்லு எனாமல் அரிக்கும், தொண்டையும் எரியும். அம்மாவுக்கு மட்டும் குடுக்க வேணாம்னுட்டேன், அவங்க சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்குறாங்க, மொதல்ல கிளினிக் டொக்டர கேக்கணும். அண்ணி சரின்னுட்டு இப்ப வெந்தயத் தண்ணி ரீல் ஒன்னு அனுப்பியிருக்காங்க, அதுலயும் ஒரு "ஆராய்ச்சி" இருக்கு. எத்தன பேரு, யாரோட ஒப்பிட்டாங்க, எத்தன கிலோன்னு நீங்களே தேடி சொல்லுங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன்.