குறுக்கு நெகிழ்ச்சிக் கணக்கு: குறியைப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்

பி.ஏ. பொருளாதாரம் படிக்கும்போது தேவை நெகிழ்ச்சி பாடத்தில் எனக்கு மதிப்பெண் தப்பாமல் கொடுத்தது குறுக்கு நெகிழ்ச்சிதான். இப்போது ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கவனித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

சூத்திரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பண்டத்தின் தேவை எத்தனை சதவீதம் மாறியதோ அதை மேலே போட்டு, இன்னொரு பண்டத்தின் விலை எத்தனை சதவீதம் மாறியதோ அதைக் கீழே போட்டு வகுக்க வேண்டும். விடை கூட்டல் குறியோடு வந்தால் பதிலீட்டுப் பண்டங்கள், கழித்தல் என்றால் நிரப்புப் பண்டங்கள், பூஜ்யம் அல்லது அதை ஒட்டி இருந்தால் தொடர்பில்லாதவை.

ஒரு கணக்கு. காபித்தூள் கிலோ 400 ரூபாயிலிருந்து 500 ஆகிறது, அதாவது 25% ஏற்றம். மற்ற எதன் விலையும் மாறவில்லை. ஒரு கடையில் தேயிலை விற்பனை 200 கிலோவிலிருந்து 230 ஆகிறது, 15% கூடியிருக்கிறது, 15-ஐ 25-ஆல் வகுத்தால் +0.6, பதிலீடு. சிக்கரி 40 கிலோவிலிருந்து 34 ஆகிறது, −15%, விடை −0.6, நிரப்பி. இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை.

சர்க்கரைக்கு வாருங்கள். காபிக்குச் சர்க்கரை போடுகிறோம், அதனால் நிரப்பி என்று பாதிப் பேர் கணக்குப் போடாமலேயே எழுதிவிடுவார்கள். ஆனால் கேள்வியில் சர்க்கரை 900 கிலோவிலிருந்து 891 ஆனது என்று கொடுத்திருந்தால் அது −1% தான், நெகிழ்ச்சி −0.04. காபியை விட்டவர் டீக்குப் போகிறார், டீக்கும் சர்க்கரை வேண்டும், அதனால் தேவை பெரிதாக அசையவில்லை. இதற்கு 'பூஜ்யத்தை ஒட்டியது, நடைமுறையில் தொடர்பற்றது' என்று எழுதுங்கள், குறி கழித்தலாக இருப்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். எண் கொடுத்த கேள்வியில் வீட்டு அனுபவத்தை வைத்து வகைப்படுத்தக் கூடாது.

அதிகம் பேர் சறுக்குவது விலை குறையும் கேள்வியில். 'காபி விலை 10% குறைந்தது, தேயிலைத் தேவை 4% குறைந்தது' என்று வரும். குறைந்தது என்றதும் கை தானாக நிரப்புப் பண்டம் என்று எழுதிவிடும். −4-ஐ −10-ஆல் வகுத்தால் +0.4, பதிலீடு. தேவை குறைந்ததா கூடியதா என்பது முக்கியமில்லை, அடுத்த பண்டத்தின் விலை போன திசையிலேயே போனதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒரே திசை கூட்டல், எதிர்த் திசை கழித்தல். இரண்டு சதவீதத்துக்கும் குறியை முதலில் போட்டுவிட்டு அப்புறம் வகுத்தால் இந்தக் குழப்பம் வராது.

அட்டவணை கொடுத்தால் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும். முதல் வரிசையில் தேயிலை விலை 300, காபி விலை 400, தேயிலைத் தேவை 200. இரண்டாவதில் 300, 500, 230. மூன்றாவதில் 270, 500, 260. அவசரத்தில் முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் எடுத்தால் 30% வகுத்தல் 25%, 1.2 என்று வரும். தவறு, ஏனென்றால் நடுவில் தேயிலையின் சொந்த விலையும் இறங்கிவிட்டது. சொந்த விலை மாறாமல் காபி விலை மட்டும் மாறிய முதல் இரண்டு வரிசைகளைத்தான் எடுக்க வேண்டும், அதில் வருவது அதே 0.6. இரண்டாவதும் மூன்றாவதும் தேயிலையின் சொந்த விலை நெகிழ்ச்சிக்கானவை. வருமானம் என்று இன்னொரு பத்தி இருந்தால் அதுவும் மாறாத வரிசைகள்தான் வேண்டும்.

சராசரியை அடிப்படையாக வைக்கும் நடுப்புள்ளி முறையில் போடச் சொன்னால் இதே எண்களுக்கு 30/215, 100/450 என்று எடுத்து ஏறக்குறைய 0.63 வரும். எண் மாறும், குறி மாறாது, வகையும் மாறாது. கேள்வியில் எந்த முறை என்று சொல்லாவிட்டால் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிவிடுவது நல்லது.

0.6 ஒன்றுக்குக் குறைவு, ஆகவே நெகிழ்ச்சியற்றது, ஆகவே பதிலீடு இல்லை என்று எழுதுகிறவர்களும் உண்டு. இங்கே ஒன்று என்பது எல்லைக்கோடு கிடையாது. எண்ணின் அளவு, இரண்டும் எவ்வளவு நெருங்கியவை என்பதை மட்டும்தான் காட்டும். நெடுவினாவில் இதற்கு உதாரணம் வேண்டுமானால் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1956 டூபாண்ட் செல்லோபேன் வழக்கைச் சொல்லலாம்: செல்லோபேனுக்கும் மற்ற மெல்லிய பொதிதாள்களுக்கும் இடையே குறுக்கு நெகிழ்ச்சி அதிகம் என்பதை வைத்து எல்லாம் ஒரே சந்தை என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது, நிறுவனம் ஏகபோகக் குற்றச்சாட்டிலிருந்து தப்பியது. ஆனால் விலையை ஏற்கெனவே ஏகபோக அளவுக்கு ஏற்றி வைத்திருந்தால் சுமாரான மாற்றுகள்கூட நெருங்கிய பதிலீடு போலத் தெரியும் என்று பொருளாதார அறிஞர்கள் பின்னாளில் அந்தத் தீர்ப்பை விமர்சித்தார்கள், அதையும் சேர்த்து எழுதுங்கள்.