இதயத்துக்குப் பின்னால் மறைந்திருந்த முக்கோணம்

பயிற்சி மருத்துவராக அறுவை சிகிச்சை வார்டில் இருந்த காலத்தில் நான் தவறவிட்ட ஒரு மார்பு எக்ஸ்ரே இன்னும் கண்ணில் நிற்கிறது. நோயாளிக்கு 52 வயது. வயிற்றைத் திறந்து பித்தப்பையை அகற்றி இரண்டாம் நாள். லேசான காய்ச்சல், மூச்சு வேகமாக இருந்தது, விரலில் மாட்டும் கருவி ஆக்ஸிஜன் அளவு 90 சதவீதம் என்று காட்டியது. கட்டிலிலேயே வைத்து எடுத்த படம் வந்தது. இரண்டு நுரையீரலும் கறுப்பாகத்தான் இருந்தன, வெள்ளைத் திட்டு எதுவும் இல்லை. இதயம் சற்றுப் பெரிதாகத் தெரிகிறது, படுக்கையில் எடுத்த படம் அப்படித்தான் இருக்கும் என்று குறிப்பில் எழுதிவிட்டேன்.

மாலையில் கதிரியக்கத் துறையின் மூத்த மருத்துவர் அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். "இடப்பக்க உதரவிதானக் கோட்டை விலாவிலிருந்து முதுகெலும்பு வரை விரலால் வரைந்து காட்டுங்கள், டாக்டர்" என்றார். வெளிப்பக்கத்திலிருந்து தொடங்கினேன். விரல் இதய நிழலுக்குள் நுழைந்ததும் கோடு காணாமல் போனது. நல்ல படத்தில் இதயத்தின் ஊடாகவும் அந்தக் கோடு மெலிதாகத் தெரிய வேண்டும். "இங்கேதான் நுரையீரலின் கீழ் மடல் இருக்கிறது. காற்று இல்லை. சுருங்கிப் போய் இதயத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது" என்றார்.

கோடு ஏன் மறைகிறது என்பதை அவர் நிதானமாக விளக்கினார். எக்ஸ்ரேயில் ஒரு உறுப்பின் விளிம்பு தெரிய வேண்டுமானால் அதை ஒட்டிக் காற்று இருக்க வேண்டும். உதரவிதானத்தின் உட்பகுதிமேல் உட்கார்ந்திருப்பது கீழ் மடல்தான். அதில் காற்று போய்விட்டால் இரண்டும் ஒரே வெண்மையாகக் கலந்துவிடும். இதயத்தின் இட விளிம்பை ஒட்டியிருப்பதோ மேல் மடலின் பகுதி. அதில் காற்று இருப்பதால் விளிம்பு கூர்மையாகவே நிற்கும். நான் ஏமாந்தது அங்கேதான். இதய விளிம்பு தெளிவாக இருந்ததால் இடப்பக்கம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தேன்.

பிறகு அவர் பென்சில் முனையால் இதய நிழலுக்குள் இன்னொரு விளிம்பைத் தொட்டுக் காட்டினார். மூச்சுக்குழலும் இரத்தக் குழாய்களும் நுழையும் நுரையீரல் வேரிலிருந்து உதரவிதானம் வரை சாய்வாக இறங்கும் நேர்க்கோடு. அதற்கு உட்புறம் ஒரு படி கூடுதல் வெண்மை. பாய்மரம் போன்ற முக்கோணம். அந்தக் கோடுதான் இடம் பெயர்ந்த பிளவு. இரண்டு மடல்களைப் பிரிக்கும் சாய்ந்த பிளவு, நேராக எடுக்கும் படத்தில் வழக்கமாகத் தெரிவதில்லை. கதிர் அதன் பரப்பின் மேல் விழுந்து ஊடுருவிப் போய்விடும். கீழ் மடல் சுருங்கும்போது பிளவு பின்னாலும் உள்ளேயும் இழுக்கப்பட்டுத் திரும்புகிறது. அப்போது கதிர் அதன் விளிம்போடு ஓடுவதால் கோடு தோன்றுகிறது.

அந்த நோயாளிக்கு மடல் சுருங்கியது, அதற்குப் போகும் மூச்சுக்குழலைச் சளி அடைத்ததால். வயிற்றுத் தையலின் வலிக்குப் பயந்து அவர் இருமவே இல்லை. வலி மருந்தைக் கூட்டி, நிமிர்ந்து உட்கார வைத்து, மூச்சுப் பயிற்சியாளர் தட்டிக்கொடுத்து இருமச் செய்ததில் கெட்டியான சளி வெளியே வந்தது. மறுநாள் படத்தில் உதரவிதானக் கோடு முதுகெலும்பு வரை திரும்பி வந்திருந்தது. நிமோனியா ஒரே நாளில் இப்படி மறையாது.

அதன் பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும் வெள்ளையைத் தேடுவதற்கு முன் எது இடம் மாறியிருக்கிறது என்று பார்க்கப் பழகினேன். அதற்கு இயல்பான இடங்கள் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இடது நுரையீரல் வேர் வலதைவிடச் சற்று மேலே இருக்கும். உதரவிதானத்தில் நேர்மாறு: வலது குவிமாடம் 1.5 முதல் 2 செ.மீ. வரை உயரமாக இருக்கும். இடது கீழ் மடல் சுருங்கினால் இரண்டும் புரள்கின்றன. வேர் கீழே இறங்குகிறது, உதரவிதானம் மேலே ஏறுகிறது.

உதரவிதானம் உயர்ந்திருப்பதை மட்டும் நம்பக் கூடாது. மூச்சை முழுதாக இழுக்காமல் எடுத்த படத்தில் இரண்டு பக்கமும் உயர்ந்திருக்கும். இரைப்பையில் வாயு நிறைந்தால் இடப்பக்கம் மட்டும் உயரும். ஆனால் வாயு கீழிருந்து தள்ளும்போது நுரையீரல் வேர் கீழே இறங்கி வராது. வேரும் உதரவிதானமும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்திருந்தால்தான் நடுவில் ஏதோ சுருங்கி இழுக்கிறது என்று பொருள். நோயாளி திரும்பியிருந்தாலும் வேர்கள் ஏமாற்றும். அதனால் இரண்டு காறையெலும்பு நுனிகளுக்கும் நடுவில் முதுகெலும்பின் முள் நிற்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுவேன்.

இந்தப் பழக்கம் பயன்பட்டது மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, புறநோயாளிப் பிரிவில். லாரி ஓட்டும் ஒரு பெரியவர், 58 வயது, நீண்ட நாள் பீடிப் பழக்கம். ஆறு வாரமாக இருமல். இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் குறையவில்லை. கையில் இரண்டு எக்ஸ்ரே வைத்திருந்தார். இரண்டிலும் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

புதிய படத்தில் முக்கோணம் இருந்தது. இடது வேர் வலதைவிட ஒரு விரல் அகலம் கீழே. இடது குவிமாடம் வலதுக்குச் சமமாக உயர்ந்திருந்தது. அதன் உட்பாதி தெரியவில்லை. மேலே இடது நுரையீரல் வலதைவிடக் கறுப்பாக, இரத்தக் குழாய்கள் குறைந்து விலகி விலகி ஓடின. கீழே காலியான இடத்தை நிரப்ப மேல் மடல் உப்பியிருந்ததன் அடையாளம் அது.

எனக்கு அதிகம் கற்றுத்தந்தது மூன்று வாரம் முந்தைய பழைய படம். அதில் உதரவிதானக் கோடு இன்னும் மறையவில்லை, முக்கோணமும் இல்லை. ஆனால் இதயத்துக்குப் பின்னால் இரத்தக் குழாய்கள், துடைப்பத்தின் ஈர்க்குகளைக் கையால் சேர்த்துப் பிடித்தது போல நெருங்கிக் கிடந்தன. மடலில் பாதிக் காற்று போன நிலை அது. குழாய்களின் எண்ணிக்கை அதேதான், அவை ஓடும் இடம் மட்டும் குறுகிவிட்டது. முழுதாகச் சுருங்கிய பிறகு குழாய்களைச் சுற்றிக் காற்றே இல்லாததால் இந்த நெருக்கமும் வெண்மைக்குள் மறைந்துவிடும். நெருங்கிய குழாய்களைக் காண முடிவது அந்த இடைக்காலத்தில் மட்டுமே. இப்போதெல்லாம் பழைய படம் இல்லாமல் யார் வந்தாலும் கேட்டு வாங்கிவிடுகிறேன்.

உறுதிப்படுத்த இடப்பக்கப் படம் எடுக்கச் சொன்னேன். பக்கவாட்டுப் படத்தில் முதுகெலும்புகள் கீழே போகப் போகக் கறுத்துக்கொண்டே போக வேண்டும். இவருக்குக் கடைசி மூன்று எலும்புகள் வெளுத்திருந்தன. நீர் கோத்திருக்குமோ என்ற சந்தேகமும் தணிந்தது: அத்தனை நீர் இருந்தால் இதயத்தை எதிர்ப்பக்கம் தள்ளும்; இங்கே இதயம் இடப்பக்கம் இழுக்கப்பட்டிருந்தது.

அறுவை சிகிச்சை எதுவும் நடக்காத, புகைப் பழக்கமுள்ள ஒருவருக்கு மடல் சுருங்கியிருந்தால் மூச்சுக்குழலை அடைப்பது எது என்று பார்த்தே தீர வேண்டும். "சளிக்கு இன்னொரு மருந்து போதாதா, சார்?" என்று பெரியவர் கேட்டார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, "இந்தக் கோடு இங்கே இருக்கிறது, இங்கே இல்லை, பாருங்கள் ஐயா" என்று அவர் விரலைப் பிடித்தே காட்டினேன். சிறிது நேரம் பார்த்தார். "அப்படியானால் ஸ்கேன் எடுத்துவிடலாம்" என்றார்.

சி.டி. ஸ்கேனும் அதைத் தொடர்ந்து மூச்சுக்குழல் உள்நோக்கியும் செய்தோம். இடது கீழ் மடலின் குழல் வாயில் ஒரு கட்டி இருந்தது. திசு எடுத்து அனுப்பினோம். புற்றுநோய் என்று வந்தது. கட்டி அந்த மடலைத் தாண்டியிருக்கவில்லை. மார்பு அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அவரை அனுப்பும்போது, அந்தப் பழைய படத்தையும் உறையில் சேர்த்து வைத்தேன்.